பம்ப் செட் அதிர்வைக் காட்டும் வீடியோ: இரண்டு வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

கண்ணுக்குத் தெரியாத சின்ன அசைவை வீடியோவிலிருந்து எடுத்துக் கணினியில் பெருக்கிக் காட்டும் முறை, மெஷின் எங்கே ஆடுகிறது, எதோடு சேர்ந்து ஆடுகிறது என்பதை மிக நன்றாகச் சொல்லும். எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சுமாராகத்தான் சொல்லும். இந்த வித்தியாசம் புரியாமல் வாங்குகிறவர்கள் ஒரு மாதத்தில் சலித்துவிடுகிறார்கள்.

எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதன் முதல் வடிவத்தை 2012-இலும், பட இரைச்சல் குறைவான 'ஃபேஸ்' முறையை 2013-இலும் வெளியிட்டார்கள். முதல் முறை ஒவ்வொரு பிக்சலின் வெளிச்ச மாற்றத்தை அப்படியே பெருக்கும். அதனால் ட்யூப்லைட் மினுக்கினாலும் மெஷின் துடிப்பதுபோலத் தெரியும். இரண்டாவது முறை படத்தை அலைகளாகப் பிரித்து, அந்த அலைகள் இடம் நகர்ந்ததை மட்டும் பெருக்கும். தொழிற்சாலை வேலைக்கு இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். அவர்கள் கொடுத்த மேட்லேப் நிரல் ஆய்வுக்கும் வணிகமற்ற பயன்பாட்டுக்கும் உரியது. காசு வாங்கிச் செய்கிற வேலைக்கு உரிமம் தனி விஷயம்.

இங்கே ஒரே ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. 10 எச்.பி. மோட்டார், நேர் கப்ளிங்கில் பம்ப், இரண்டும் சி-சேனலில் வெல்டிங் செய்த ஒரே பேஸ் பிரேமில். கப்ளிங் ரப்பர் சில வாரங்களுக்கு ஒருமுறை தூளாகிறது. அலைன்மென்ட் மூன்று முறை பார்த்தாயிற்று. பிட்டரைக் கேட்டால், "எல்லா போல்ட்டும் டைட்டாத்தானுங்க இருக்குது" என்கிறார். ஸ்பேனர் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வது சரி. அதிர்வை அளக்கும் பேனாக் கருவி மோட்டார் பேரிங் மேல் செங்குத்தாக 7 மி.மீ./வினாடி காட்டுகிறது. இந்த அளவு மோட்டாருக்கு அது அதிகம். ஆனால் ஏன் அதிகம் என்பதைப் பேனா சொல்லாது.

முதலில், கேமராவால் அது பார்க்க முடிகிற அசைவுதானா என்று கணக்குப் போட வேண்டும். ஆர்.பி.எம். 1450, அதாவது வினாடிக்கு 24.2 சுற்று. 7 மி.மீ./வினாடி ஆர்.எம்.எஸ். என்றால் உச்ச வேகம் சுமார் 9.9. அதை 2 × 3.14 × 24.2-ஆல் வகுத்தால் நடு இடத்திலிருந்து ஒரு பக்கம் 0.065 மி.மீ. நகர்கிறது. 60 செ.மீ. அகலமுள்ள காட்சி 1280 பிக்சலில் பதிவானால் ஒரு பிக்சலுக்கு 0.47 மி.மீ. ஆக, அசைவு ஒரு பிக்சலில் ஏழில் ஒரு பங்கு. இது தாராளம். நல்ல வெளிச்சத்தில் நூறில் சில பங்கு பிக்சல் அசைவைக்கூட எடுக்கலாம். அதற்குக் கீழே போனால் இரைச்சலைத்தான் பெருக்குவோம். தூரத்திலிருந்து முழு பம்ப் ஹவுசையும் ஒரே ஷாட்டில் எடுக்கிறவர்கள் தோற்பது இந்தக் கணக்கில்தான்.

போனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் போதும். ஆனால் அது நிஜமாகவே 240-ஆ என்று பார்த்துவிட வேண்டும். சில போன்களின் 960 ஃப்ரேம் என்பது இடையில் படங்களைக் கற்பனையாகச் சேர்த்தது. அது இந்த வேலைக்கு விஷம். வேறு சில போன்கள் 240-இல் எடுத்துவிட்டு, கோப்பில் 30 என்று எழுதி வைக்கும்.

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=r_frame_rate,avg_frame_rate,nb_frames -of default=nw=1 pump.mp4
```

இதில் இரண்டு வேகமும் ஒத்துப்போகாவிட்டால் ஃப்ரேம்கள் சீரான இடைவெளியில் இல்லை. அந்தக் கோப்பை விட்டுவிடலாம். 30 என்று எழுதியிருந்தால், அது உண்மையில் 240-இல் எடுத்ததுதானா என்று கடிகார வினாடி முள்ளைப் படம் பிடித்து எண்ணிப் பார்த்து, கீழே வரும் phaseAmplify கட்டளையில் 240 என்றே கொடுக்க வேண்டும். இங்கே தவறினால் 24 ஹெர்ட்ஸ் கேட்ட இடத்தில் வேறு எதையோ பெருக்கிக் கொடுக்கும். திரையில் ஏதோ ஆடும், நாமும் நம்பிவிடுவோம்.

போனின் ஸ்டெபிலைசேஷனை அணைக்க வேண்டும். போகஸ், எக்ஸ்போஷர் இரண்டையும் பூட்ட வேண்டும். வெளிச்சம்தான் பெரிய தலைவலி. மலிவான எல்.இ.டி. விளக்குகள் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் வினாடிக்கு 100 முறை மினுக்கும். 120 ஃப்ரேமில் எடுத்தால் அந்த 100 மடங்கி 20 ஹெர்ட்ஸாக வந்து நிற்கும். வி.எஃப்.டி. போட்டு 42 ஹெர்ட்ஸில் ஓட்டுகிற நாலு போல் மோட்டாரும் வினாடிக்கு ஏறக்குறைய 20 சுற்றுதான் சுற்றுகிறது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பிரிக்கவே முடியாது. 240-இல் எடுத்தால் 100 அது இருக்கும் இடத்திலேயே இருக்கும், நமக்குத் தொந்தரவு இல்லை. அதைவிடச் சுலபம், 12 வோல்ட் பேட்டரியில் ஒரு ஹாலஜன் விளக்கு. சாயப்பட்டறையில் ஆவியும் உண்டு. பாய்லர் பக்கத்துச் சூட்டுக் காற்று ஊடே பார்த்தால் எல்லாமே தண்ணிக்குள் இருப்பதுபோல நெளியும். அதற்கு மருந்து கிடையாது, இடத்தை மாற்ற வேண்டியதுதான்.

ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்த பரப்பில் அசைவு தெரியாது, பிடித்துக்கொள்ள விளிம்பு வேண்டும். மோட்டார் கால், பேஸ் பிரேம், நட்டு, கான்கிரீட் நான்கிலும் மார்க்கரால் சின்னச் சின்னப் புள்ளிகளும் குறுக்குக் கோடுகளும் போட்டுவிட்டால் படம் தெளிவாகிவிடும். குறுக்கே கோடு இல்லாமல் நீளவாட்டில் மட்டும் கோடு போட்டால், அதே திசையில் நடக்கும் அசைவு தப்பிவிடும்.

ட்ரைபாடை பம்ப் இருக்கும் கான்கிரீட் மேடையில் வைக்கக் கூடாது. பக்கத்துத் தரையில், கால்களுக்கு அடியில் மணல் மூட்டையோ தடித்த ரப்பரோ போட்டு வைத்து, டைமரில் எடுக்க வேண்டும்.

நான்கு வினாடி போதும். அதற்கு 960 ஃப்ரேம் ஆகிறது. மேட்லேப் நிரல் வீடியோ மொத்தத்தையும் ரேமில் ஏற்றுவதால் தேவையான மூலையை மட்டும் வெட்டிக்கொள்வது நல்லது.

```
ffmpeg -ss 3 -t 4 -i pump.mp4 -an -vf "crop=640:480:320:200" -c:v mjpeg -q:v 2 pump_crop.avi
```

(30 என்று எழுதப்பட்ட கோப்பாக இருந்தால் `-t 32` கொடுத்தால்தான் அந்த 960 ஃப்ரேமும் வரும்.)

பிறகு மேட்லேப்பில்:

```
phaseAmplify('pump_crop.avi', 20, 23.2, 25.2, 240, 'out', 'sigma', 3, 'pyrType', 'octave');
```

20 என்பது பெருக்கம். 23.2 முதல் 25.2 வரை நாம் கேட்கும் அதிர்வெண் பட்டை. மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஆர்.பி.எம். முழு லோடுக்கானது, அதனால் டேக்கோமீட்டரில் அளந்ததைப் போட வேண்டும். பக்கத்தில் இன்னொரு நாலு போல் மோட்டார் ஓடினால் அதன் வேகம் இதற்கு மிக அருகில் இருக்கும். நான்கு வினாடிப் பதிவு கால் ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைத்தான் பிரிக்கும். முடிந்தால் அதை நிறுத்திவிட்டு எடுக்கலாம். பெருக்கத்தை 20-இலிருந்து 100-க்கு ஏற்றத் தோன்றும். விளிம்புகளைச் சுற்றி நிழல் வளையம் தெரிய ஆரம்பித்தால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

வந்த வீடியோவை 30 ஃப்ரேமில் ஓட்டினால் 24 ஹெர்ட்ஸ் ஆட்டம் வினாடிக்கு மூன்றாகக் கண்ணுக்கு வசதியாகத் தெரியும். இந்தப் பம்பில், மோட்டாரின் நான்கு கால்களும் பிரேமோடு ஒட்டியே ஆடின. மோட்டார் காலுக்கடியில் ஷிம் தகடு குறை இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கப்ளிங்குக்கு எதிர்ப்பக்கத்து மூலையில் பிரேம் கான்கிரீட்டை விட்டு ஏறி இறங்கியது. அங்கே நட்டைக் கவனிக்க வேண்டும். சேனல் ஆடி நட்டு அசையாமல் இருந்தால் நட்டு லூஸ். நட்டும் சேனலோடு சேர்ந்து ஏறி இறங்கினால், ஸ்பேனருக்கு டைட்டாக இருந்தாலும் பவுண்டேஷன் போல்ட்டே கான்கிரீட்டுக்குள் பிடி விட்டிருக்கிறது அல்லது கீழே இருக்கிற கலவை பொடிந்துவிட்டது. இங்கே இரண்டாவது கதை. பிட்டர் சொன்னதும் பொய்யில்லை, ரப்பர் தேய்ந்ததும் பொய்யில்லை. நின்ற நிலையில் அலைன்மென்ட் சரியாக இருந்து, ஓடும்போது மூலை தூக்கிக் கெடுத்துக்கொண்டிருந்தது.

அளவும் போட்டுப் பார்க்கலாம். பெருக்கிய படத்தில் மோட்டார் பேரிங் மூடி நடுவிலிருந்து சுமார் 2.9 பிக்சல் நகர்கிறது. அதை 21-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் அசல் அசைவோடு இருபது மடங்கு சேர்கிறது. வருவது 0.14 பிக்சல், 0.065 மி.மீ. பேனாக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாமல் இருந்தால் பேனாவைத்தான் நம்ப வேண்டும்.

ஆனால் நம்பும் முன் மூன்று சோதனை. பம்பை நிறுத்திவிட்டு அதே வெளிச்சத்தில், அதே எண்களோடு ஒரு வீடியோ: அதிலும் ஆட்டம் தெரிந்தால் அது இரைச்சல். ஓடும் வீடியோவையே 17 முதல் 19 ஹெர்ட்ஸ் என்று எந்த மெஷினும் இல்லாத பட்டையில் போட்டால் படம் ஏறக்குறைய நிற்க வேண்டும். பின்சுவரும் தரையும் பம்பும் ஒரே தாளத்தில், ஒரே திசையில் ஆடினால் ஆடுவது ட்ரைபாட்.

நான்காவதாக ஒரு ஏமாற்று உண்டு, இதில் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். போன் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. படிக்க 10 மில்லி வினாடி ஆனால், 24 ஹெர்ட்ஸ் ஆட்டத்தில் மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் கால் சுற்று வித்தியாசம் வந்துவிடும். நேராக ஆடும் பிரேம் வளைந்து நெளிவதுபோலத் தெரியும், 'பிரேம் வீக்' என்று எழுதிவிடுவோம். 240 ஃப்ரேமில் ஒரு படத்துக்கே 4.17 மில்லி வினாடிதான் என்பதால் இந்தப் பிழை 36 டிகிரிக்குள் அடங்கும். சந்தேகம் இருந்தால் போனை 90 டிகிரி திருப்பி இன்னொன்று எடுத்துப் பார்க்கலாம். வளைவு மாறினால் கேமராவின் வேலை, மாறாவிட்டால் பிரேமின் வேலை.

பாலங்களுக்கும் இதே முறைதான், 30 ஃப்ரேமே போதும், அசைவும் சில ஹெர்ட்ஸில்தான் இருக்கும். ஆனால் லாரி போகும்போது ட்ரைபாட் நிற்கும் மண்ணும் குலுங்குகிறது, வெயிலில் காவிரி மணலின் சூடு படத்தை நெளிக்கிறது. அதிகாலையில், ஆதாரத்துக்கு அசையாத ஒரு பாறையும் படத்துக்குள் வருகிற மாதிரி எடுத்தால் மட்டும் ஓரளவு தேறும். பாலத்தின் பாதுகாப்பைப் பற்றி இதை வைத்து யாரும் முடிவு எழுதக் கூடாது.

பம்ப் விஷயத்தில் செய்தது, நட்டை இன்னும் முறுக்குவது இல்லை. அப்படி முறுக்கினால் பிரேம் வளையும். பொடிந்த கலவையை உடைத்துச் சுத்தம் செய்து, போல்ட்டை மறுபடி பதித்து, சுருங்காத கிரவுட் ஊற்றி, அது இறுகும்வரை காத்திருந்து, அதன் பிறகே அலைன்மென்ட். பின் அதே இடத்தில், அதே எண்களோடு இன்னொரு நான்கு வினாடி எடுத்தபோது மூலை கான்கிரீட்டோடு ஒட்டி நின்றது. பேனா 2.4 காட்டியது.