கடையில் ஸ்வைப் மெஷின், இணையத்தில் கேட்வே: ஒரே கார்டுக்கு இரண்டு கட்டணம் ஏன்?

கும்பகோணத்தில் குத்துவிளக்கு விற்கும் எங்கள் கடையில் ஸ்வைப் மெஷினையும், இணையதள ஆர்டர்களுக்கான பேமென்ட் கேட்வேயையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே பயன்படுத்தி வருகிறோம். இரண்டுமே பணத்தை ஒழுங்காகக் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. வேறுபாடு பிடித்தத்தில்தான் தெரிகிறது. 10,000 ரூபாய் விளக்கை ஒருவர் கடைக்கு வந்து கிரெடிட் கார்டில் வாங்கினால், எங்கள் ஒப்பந்தப்படி 1.5% கட்டணமும் அதன்மேல் 18% ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 177 ரூபாய் போகிறது. அதே விளக்கு இணையத்தில் விற்றால் 2% கணக்கில் 236 ரூபாய்; இணையத்தில் வெளிநாட்டுக் கார்டு என்றால் 3% கணக்கில் 354 ரூபாய். கிரெடிட் கார்டுக் கட்டணத்திற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்கவில்லை என்பதால் இந்த வீதங்கள் பேரம் பேசிப் பெறுபவை. டெபிட் கார்டுக்கு 2018 முதல் உச்சவரம்பு உண்டு. அது கடைக்கும் இணையத்திற்கும் ஒன்றே.

இந்த இடைவெளிக்கு வேர் சிப்பில் இருக்கிறது. மெஷினில் கார்டைச் செருகும்போது, அதன் சிப் தனக்குள் இருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லும் ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. கார்டு வழங்கிய வங்கி அதைச் சரிபார்க்கிறது. நேற்றைய குறியீட்டைத் திருடினாலும் இன்று பயன்படாது. இணையத்தில் தட்டச்சு செய்யப்படும் கார்டு எண்ணும், காலாவதித் தேதியும், பின்புறத்து மூன்று இலக்கங்களும் அப்படியல்ல: ஒருமுறை கசிந்தால் கார்டு முடக்கப்படும் வரை யார் கையிலும் செல்லுபடியாகும். கட்டணத்தில் பெரும்பகுதி கார்டு வழங்கிய வங்கிக்கே போவதால், அந்த வங்கி சுமக்கும் ஆபத்து விலையிலேயே ஏறிவிடுகிறது. ஐரோப்பாவுக்கு வெளியே வழங்கப்பட்ட கார்டுகளை அங்குள்ள வணிகர்களிடம் பயன்படுத்தும்போது வங்கிகளுக்கிடையே கைமாறும் கட்டணத்திற்கு, விசாவும் மாஸ்டர்கார்டும் 2019இல் ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்புக்கொண்ட உச்சவரம்பே இதற்குச் சான்று: கிரெடிட் கார்டுக்குக் கடையில் 0.3%, இணையத்தில் 1.5%.

இருந்தாலும், வணிகரைக் கவலைப்பட வைக்க வேண்டியது இந்தச் சதவீதமல்ல. மோசடி நடந்தால் பணத்தை இழப்பது யார் என்பதே. சிப்பும் பின் எண்ணும் கொண்டு நடந்த விற்பனையை "நான் செய்யவில்லை" என்று கார்டுக்காரர் மறுத்தால், நட்டம் பொதுவாகக் கார்டு வழங்கிய வங்கியைச் சேரும். இணையத்தில் அது வணிகர் தலையில் விழும், ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு நடந்திருந்தாலொழிய. இந்தியக் கார்டுகளுக்கு இணையத்தில் அந்தச் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009இலேயே கட்டாயமாக்கியதால், உள்நாட்டு ஆர்டர்களில் எங்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. வெளிநாட்டு வங்கிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது.

எங்களுக்கு அடி விழுந்தது அந்த வாசல் வழியாகத்தான். வெளிநாட்டு விசா கார்டில் 24,000 ரூபாய்க்கு ஓர் ஆர்டர் வந்தது. பணமும் கணக்கில் ஏறியது, விளக்குகளும் போய்ச் சேர்ந்தன. சில வாரங்கள் கழித்து 10.4 என்ற காரண எண்ணுடன் சார்ஜ்பேக் வந்தது, அதாவது கார்டுக்காரர் மறுத்ததால் அந்தப் பணம் எங்களிடமிருந்து திரும்பப் பிடிக்கப்பட்டது. கார்டு நேரில் இல்லாத மோசடி என்பது அந்த எண்ணின் பொருள். கூரியர் ஒப்படைத்த ரசீதை அனுப்பியும் பயனில்லை. பொருள் வரவில்லை என்னும் புகாருக்கு அந்த ரசீது பதிலாகும். வாங்கியவர் கார்டின் உரிமையாளர்தானா என்ற கேள்விக்கு ஆகாது. பொருளும் போய், பணமும் போய், பிடித்த கட்டணமும் திரும்பவில்லை.

இந்த ஆபத்தை முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. எங்கள் கேட்வேயின் பரிவர்த்தனை விவரப் பக்கத்தில் ECI என்றொரு புலம் இருக்கிறது. விசா கார்டுக்கு அதில் 05 என்று இருந்தால், வழங்கிய வங்கி வாடிக்கையாளரை முழுமையாகச் சரிபார்த்திருக்கிறது. மோசடிப் பொறுப்பும் அந்த வங்கியுடையது. 07 என்றால் சரிபார்ப்பு நடக்கவில்லை, பொறுப்பு நம்முடையது. மாஸ்டர்கார்டில் இவற்றுக்கு இணையானவை 02, 00. ஆனால் 05 எல்லாவற்றுக்கும் கேடயமாகாது: விளக்கு நசுங்கி வந்தது, படத்தில் கண்டதுபோல் இல்லை என்னும் புகார்களுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பொட்டலத்தையும் கட்டும்போது படம் எடுத்து வைக்கிறோம்.

கடை நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: மெஷினுக்கு சிக்னல் கிடைக்காத வேளையில், எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கே வாட்ஸப்பில் பேமென்ட் லிங்க் அனுப்பும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. ஆள் நேரில் நின்றாலும் சிப் எதையும் தொடவில்லை என்பதால், அது இணையப் பரிவர்த்தனையாகவே கணக்கிடப்பட்டு 2% பிடிக்கப்படுகிறது. முகூர்த்த நாள் கூட்டத்தில் இப்படிப் போகும் தொகை சிறிதல்ல. இரண்டாவது சிம் போட்ட மெஷின் வைத்தபின் எங்கள் கடையில் லிங்க் அனுப்புவது அநேகமாக நின்றுவிட்டது. வெளிநாட்டு ஆர்டரில் 07 தெரிந்தால் பணத்தைத் திருப்பிவிட்டு, வங்கி வழியாக நேரடியாக அனுப்பச் சொல்கிறோம்; அப்படித் திருப்பும்போதும் கேட்வே தன் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை.