5 கிலோ வைக்கோலா, 15 கிலோ சோறா? ஒரே ரூமனில் இரண்டு கதை

முகூர்த்த நாள் இரவுகளில் வடசென்னைத் திருமண மண்டபங்களின் பின்வாசலில் பந்தி முடிவதற்கு முன்பே மாடுகள் வந்து நின்றுவிடும். மிஞ்சிய சோறு வெளியே வருமென்று அவற்றுக்குத் தெரியும். வியாசர்பாடியில் அப்படி வயிறு நிறையத் தின்ற ஒரு கலப்பினப் பசுவுக்கு மறுநாள் சிகிச்சை நடந்தபோது நானும் கூடவே இருந்தேன். அதன் சொந்தக்காரர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: “சோறுதானே சார் தின்றது? விஷமா தின்றது?”

நியாயமான கேள்விதான். கணக்கும் அவர் பக்கம் நிற்பதுபோல் தோன்றும். 15 கிலோ சோற்றில் ஏறத்தாழ எழுபது சதவீதம் தண்ணீர். அதை நீக்கினால் 4.5 கிலோ உலர்பொருள். 5 கிலோ வைக்கோலிலும் அதே 4.5 கிலோதான். வைக்கோலைத் தின்ற மாடு அசைபோட்டுப் படுத்திருக்கிறது, சோறு தின்றது தள்ளாடுகிறது. வேறுபாடு எடையில் இல்லை என்றால் எதில்?

முதலில் மாட்டு இரைப்பையின் நான்கு அறைகளைப் பார்த்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுப் போட்டி வாங்கிச் சுத்தம் செய்தவர்களுக்கு இது பாடமே இல்லை. பூத்துவாலை போல் சொரசொரப்பாக இருக்கும் பெரிய துண்டு ரூமன். தேன்கூடு போன்றது ரெட்டிகுலம். மாடு விழுங்கும் கம்பியும் ஆணியும் வந்து தங்குவது பெரும்பாலும் இங்கேதான். புத்தகத் தாள்கள் போல் மடிப்பு மடிப்பாக இருப்பது ஒமேசம், தண்ணீரை உறிஞ்சும் இடம். வழவழப்பான கடைசி அறை அபோமேசம். நம் இரைப்பையைப் போல் அமிலமும் பெப்சினும் சுரப்பது இது ஒன்று மட்டுமே. முதல் மூன்று அறைகளில் செரிமானச் சுரப்பிகளே கிடையாது. வளர்ந்த பசுவின் ரூமன் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அங்கே நடக்கும் வேலை முழுவதும் நுண்ணுயிரிகளுடையது. ஒரு மில்லி லிட்டரில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள், லட்சக்கணக்கில் புரோட்டோசோவாக்கள், கூடவே ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பூஞ்சைகள். மாட்டுக்குத் தீனி போடுவதாக நாம் நினைக்கிறோம். முதல் பந்தியில் உட்காருபவை இவைதான்.

வைக்கோல் உள்ளே போனால் மிதக்கும். ரூமனின் மேல்பகுதியில் பாய் விரித்ததுபோல் படர்ந்து சுவரை உரசிக்கொண்டே இருக்கும். அந்த உரசல்தான் அசைபோடத் தூண்டுகிறது. பசு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அதற்கெல்லாம் சேர்த்து நூறு லிட்டருக்குக் குறையாமல் உமிழ்நீர் சுரக்கும். அந்த உமிழ்நீரில் அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. மறுபக்கம், நார்ப்பொருளை உடைக்கும் பாக்டீரியாக்கள் அவசரப்படாதவை. நாரோடு ஒட்டிக்கொள்ளவே சில மணி நேரம் எடுத்துக்கொண்டு, இரண்டு நாள்போல் அதைக் கரைக்கும். அமிலம் சொட்டுச் சொட்டாக உருவாகிறது, அதை அடக்கும் உமிழ்நீர் குடம் குடமாக வருகிறது. ஆகவே அமிலம் கூடினால் இறங்கும் பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் இடையிலேயே நிற்கும். உருவாகும் அமிலங்களில் பெரும்பங்கு அசிட்டிக் அமிலம். பாலின் கொழுப்புக்கு அதுதான் முக்கிய மூலப்பொருள்.

இதைப் படித்துவிட்டு வைக்கோலுக்கு மாலை போட வேண்டாம். நெல் வைக்கோலில் புரதம் நான்கு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நுண்ணுயிரிகள் பெருக ஏழு சதவீதமாவது வேண்டும். வெறும் வைக்கோல் மட்டுமே தின்னும் மாட்டின் ரூமன் நிறைந்திருக்கும், உள்ளே நுண்ணுயிரிகள் பட்டினி கிடக்கும், வைக்கோலும் கரையாமல் தேங்கும். பிண்ணாக்கு கொஞ்சம் சேர்த்தால் அதே வைக்கோல் நன்றாகச் செரிப்பதற்குக் காரணம் இதுதான்.

சோற்றின் கதை வேறு. அது மிதப்பதில்லை, உரசுவதில்லை, அசைபோடத் தேவையும் இல்லை. எனவே உமிழ்நீரும் குறைகிறது. வெந்த மாவுச்சத்து ஏற்கெனவே இளகியிருப்பதால் பாக்டீரியாக்களுக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற ஒன்று சாதாரண நாளில் ரூமனில் சிறுபான்மை. இத்தனை மாவு கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. அது வெளியிடுவது லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலத்தைவிடப் பல மடங்கு வீரியமுள்ளது. பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது நார் உடைப்பவை முதலில் ஓய்ந்துவிடுகின்றன. மாவுத்துகள்களை விழுங்கி வைத்துக்கொண்டு வேகத்தைத் தணிக்கும் புரோட்டோசோவாக்களும் அடுத்துச் சாகின்றன. பி.எச். 5-க்கு அருகே வந்ததும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் தளர்ந்து, அமிலத்துக்கு அஞ்சாத லாக்டோபேசில்லஸ் அந்த இடத்தைப் பிடிக்கிறது. அதுவும் லாக்டிக் அமிலமே தருகிறது. ரூமன் திரவம் அடர்த்தியாகி உடலிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. மாட்டின் வயிறு குளுகுளுவென்று ததும்பும். கண்ணோ குழிவிழுந்து கிடக்கும்.

அதே மண்டபத்துப் பின்வாசலில் தின்ற இன்னொரு பசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இது மாணவர்களை எப்போதும் குழப்பும். அந்த மாடு பக்கத்து உணவகத்துச் சோற்றைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகியது. இரண்டு மூன்று வாரங்களில் ரூமனில் லாக்டிக் அமிலத்தையே உணவாக்கிக்கொள்ளும் மெகாஸ்பேரா போன்ற பாக்டீரியாக்கள் பெருகிவிடும். வைக்கோலில் வளர்ந்த மாட்டிடம் அவை சொற்பம்; ஒரே இரவில் பெருக அவற்றால் முடியாது. ஆக, சோற்றின் அளவைவிட அது எவ்வளவு திடீரென்று வந்தது என்பதுதான் பெரிது. பழகிய மாட்டுக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாசர்பாடிப் பசுவுக்கு வருவோம். தின்று பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. இடது விலாவில் காதுவைத்துக் கேட்டால் ரூமன் நிமிடத்துக்கு ஒருமுறையாவது உருள வேண்டும். ஐந்து நிமிடம் கேட்டும் அசைவில்லை. சாணி தண்ணீராக, புளித்த வாடையுடன், உள்ளே சோற்றுப்பருக்கை. குழாய் வழியே ரூமன் திரவம் எடுத்தபோது முதலில் வந்ததைக் கொட்டிவிட்டோம், ஏனெனில் உமிழ்நீர் கலந்தால் பி.எச். பொய் சொல்லும். அடுத்து வந்தது பால் கலந்த சாம்பல் நிறம். தாள் காட்டியது 4.8. நுண்ணோக்கியில் ஒரு புரோட்டோசோவாகூட நெளியவில்லை. மெத்திலீன் நீலம் கலந்தால் ஆரோக்கியமான திரவம் ஐந்து நிமிடத்துக்குள் நிறத்தைப் போக்கிவிடும். இது கால் மணி நேரம் கழித்தும் நீலமாகவே நின்றது.

காலையில் சொந்தக்காரர் வயிற்றுப்பொருமல் என்று நினைத்து மோர் புகட்டியிருந்தார். லாக்டிக் அமிலத்தால் திணறும் ரூமனுக்கு மேலும் லாக்டிக் அமிலம்! நல்லவேளை, மூச்சுக்குழாயில் போகவில்லை. பசு நின்றுகொண்டிருந்ததால் மருத்துவர்கள் விலாவை அறுக்காமல், தடித்த குழாய் விட்டு வெதுவெதுப்பான தண்ணீரால் திரும்பத் திரும்ப ரூமனைக் கழுவினார்கள். கீழே சாய்ந்திருந்தால் அறுவை செய்து சோற்றை அள்ளுவதுதான் வழி. நரம்பு வழியாக சோடியம் பைகார்பனேட்டும் நீர்மமும் ஏற்றி, தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் போட்டார்கள்; தயமினைத் தயாரித்துத் தரும் நுண்ணுயிரிகள்தான் செத்துப்போய்விட்டனவே. ஏற்கெனவே ததும்பும் ரூமனில் மேலும் தண்ணீர் சேரக்கூடாது என்பதால், தாகத்தில் தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போன மாட்டைத் தடுக்கவேண்டியிருந்தது. மறுநாள், வைக்கோல் தின்னும் வேறொரு பசுவின் ரூமன் திரவத்தை எட்டு லிட்டர் எடுத்து, சூடு ஆறுவதற்குள் இதற்குப் புகட்டினார்கள். மூன்றாம் நாள் அசைபோட்டது.

சொந்தக்காரர் நிம்மதியானார். ஆறு வாரம் கழித்துக் கூப்பிட்டார்: மாடு தீனி எடுக்கிறது, பாலும் கறக்கிறது, ஆனால் சிமென்ட் தரையில் முன்னங்கால்களை மாற்றி மாற்றி வைத்து நிற்கிறது என்றார். போய்ப் பார்த்தோம். ரூமனில் தொடங்கிய அமிலத்தின் பாதிப்பு குளம்பு வரை போயிருந்தது. குளம்பைச் சுற்றி அந்த முகூர்த்த இரவின் அடையாளமாக ஒரு வளையம் விழுந்திருந்தது.