18 பிரேம் சுருளின் திக்கலை நீக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

1970களில் சூப்பர் 8 கமராவில் எடுக்கப்பட்ட வற்றாப்பளைப் பொங்கல் சுருளொன்று கனடாவில் இறுவட்டாக மாற்றப்பட்டு, முள்ளியவளையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கடல்நீர் எடுத்துவரும் ஊர்வலத்தைப் பார்த்த பெரியம்மா, "தம்பி, எல்லாரும் ஏன் திக்கித் திக்கி நடக்கினம்?" என்று கேட்டார்.

திக்கல் சுருளில் இல்லை. சூப்பர் 8 வழக்கமாகச் செக்கனுக்கு 18 பிரேமில் ஓடும். வட அமெரிக்க வீடியோவோ ஏறத்தாழ 30. எனவே மாற்றியவர் 3 படங்களை 5 இடங்களில் நிரப்ப, இரண்டு படங்களை இருமுறையும் ஒன்றை ஒருமுறையும் வைத்திருந்தார். அதனால் அவை முறையே 67, 67, 33 மில்லிசெக்கன் திரையில் நிற்கின்றன. இதைக் கண்டுபிடிக்கத் தூசியே போதும்: சுருளிலுள்ள தூசிப்புள்ளி பெரும்பாலும் ஒரு படத்தில் மட்டுமே இருக்கும், ஆகையால் வீடியோவை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும்போது அதே புள்ளி அடுத்த பிரேமிலும் அசையாமல் நின்றால் அது மீண்டும் வைக்கப்பட்ட பிரேம். (அசையும் விளிம்புகளில் சீப்புப் பற்கள்போல் கோடுகள் தெரிந்தால் மாற்றிய முறையே வேறு; அதற்கு இந்த வழி பொருந்தாது.)

எந்த வழியை எடுத்தாலும் மிகைப் பிரேம்களை முதலில் அகற்ற வேண்டும். ffmpeg நிரலின் mpdecimate ஒத்த பிரேமையெல்லாம் தூக்கிவிடுவதால், அசையாத கோபுரக் காட்சியில் உண்மையான படங்களும் போய்விடலாம். AviSynth நிரலில் இயங்கும் TDecimate ஒவ்வொரு ஐந்திலும் மிக ஒத்த இரண்டை மட்டும் நீக்குவதால் எண்ணிக்கை பிசகாது. நான் இதையே எடுத்தேன்.

```
TDecimate(cycleR=2, cycle=5)
```

கிடைத்த 18 பிரேமை அப்படியே 60 ஹேர்ட்ஸ் திரையில் ஓட்டினால் படங்கள் 50, 50, 67 மில்லிசெக்கன் நிற்கும். வேகம் மாறாது, இரண்டுக்கு ஒன்று என்றிருந்த ஏற்றத்தாழ்வு நான்குக்கு மூன்றாகக் குறையும். ஆறுதலாகப் பார்ப்பவருக்கு இதுவே போதும்.

20 பிரேமாக ஓட்டினால் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று முறை வரும், திக்கல் முற்றாக நீங்கும். விலையாக நடை 11 விழுக்காடு விரைவாகும். 25க்கு ஏற்றினால் 39 விழுக்காடு; ஊர்வலம் ஓட்டப்பந்தயமாகிவிடும்.

இடைப்பட்ட படங்களைக் கணித்து உருவாக்கும் minterpolate முறை, கமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் அழகாக வழுக்கிச் செல்கிறது. ஆனால் காவடி சுழலும் இடத்தில் மயிற்பீலி குழைந்து ஆடுபவரின் தோளோடு ஒட்டிக்கொண்டது. தூசிப்புள்ளிகளும் நகரும் பொருளைப்போல் இழுபட்டன. மிகைப் பிரேம்களை நீக்காமல் இதை இயக்கினால், ஒத்த இரு பிரேம்களுக்கிடையே அசைவில்லையென்றே அது கணிக்கும். பழைய திக்கல் அப்படியே தங்கும்.

எங்கள் சுருளில் ஒலி இல்லை, ஆகவே 20ஐயே தேர்ந்தேன். காந்த ஒலிப்பட்டை உள்ள சுருளென்றால் பறையின் சுருதியும் உயர்ந்துவிடும். அங்கே 18இலேயே விடுவேன்.