7700 கலோரியா, 24 கலோரியா: எடைக் கணக்கில் எதை நம்பலாம்?

சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில் தினமும் பரோட்டாவோடு தே தாரிக் குடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 82 கிலோ, அலுவலக வேலை. தே தாரிக்கை விட்டு தே ஓ கோசோங்குக்கு மாறுகிறார், பரோட்டாவிலும் ஒன்றைக் குறைக்கிறார். இதனால் நாளுக்கு 240 கலோரி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் எவ்வளவு எடை இறங்கும்?

பலர் போடும் கணக்கு இது: ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி. 240-ஐ 365-ஆல் பெருக்கி 7700-ஆல் வகுத்தால் 11.4 கிலோ. 1958-இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3500 கலோரி என்று எழுதியதுதான் கிலோவுக்கு மாறி இப்படி வழங்குகிறது. உடலின் கொழுப்புத் திசுவில் ஏறத்தாழ 87 விழுக்காடு கொழுப்பு. மீதி பெரும்பாலும் நீர். கொழுப்பு கிராமுக்கு ஒன்பது கலோரி. பெருக்கிப் பார்த்தால் 7700-க்கு அருகில்தான் வரும். அந்த எண்ணில் தவறில்லை.

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. முதல் நாள் இருந்த 240 கலோரி இடைவெளி ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும் என்று இந்த விதி எடுத்துக்கொள்கிறது. உடலில் அது நிற்பதில்லை. எடை குறைந்த உடலைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி படிக்கட்டு ஏறக் குறைந்த சக்தி போதும். ஓய்வில் எரியும் சக்தியும் குறையும், ஏனெனில் கொழுப்போடு கொஞ்சம் தசையும் போகிறது. உணவு குறைந்தால் அதைச் செரிக்கச் செலவாகும் சக்தியும் குறையும். இவற்றுக்கு மேல், எடை இறங்கியதற்கு ஏற்ற அளவைவிடவும் சற்றுக் கூடுதலாக உடல் சிக்கனமாகிறது. சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாமலே இடைவெளி மாதாமாதம் சுருங்குகிறது.

பழைய விதியை நீட்டிப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். மூன்று ஆண்டில் 34 கிலோ இறங்கி அவர் 48 கிலோ ஆகிவிடுவார். ஏழேகால் ஆண்டில் எடை பூஜ்யம். ஒரு தே தாரிக்கும் ஒரு பரோட்டாவும் குறைத்ததற்கு இது நடக்குமா?

எதிர்க்கணக்கு அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் கெவின் ஹால் குழுவுடையது. 2011-இல் லான்செட் இதழில் வந்தது. நாளுக்கு 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால், கடைசியில் ஒரு கிலோ இறங்கும். அதில் பாதி சுமார் ஓராண்டிலும், 95 விழுக்காடு சுமார் மூன்று ஆண்டிலும் வரும். நம் ஆளுக்கு 240-ஐ 24-ஆல் வகுத்தால் மொத்தம் 10 கிலோ. முதல் ஆண்டில் ஏறக்குறைய 5 கிலோ. அந்த 5 கிலோ போனதும் இடைவெளி 240-லிருந்து 120 ஆகிவிடும். பத்தும் போனபின் இடைவெளியே இல்லை, 72 கிலோவில் நிற்பார். பழைய உணவுக்குத் திரும்பினால் எடையும் மெல்லத் திரும்பும்.

முதல் மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பழைய விதி ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சொல்லும். தொடக்கத்தில் நீரும் சேர்ந்து இறங்குவதால் எடைக்கருவி அதைவிட நல்ல சேதியையே காட்டக்கூடும். நம்பிக்கை ஊன்றுவது இங்கேதான். ஆறாவது மாதம் பழைய விதி 5.7 கிலோ கேட்கும், உடல் மூன்று நான்கு கிலோதான் தந்திருக்கும். சரியாகச் செய்துவந்த மனிதர் தான் தோற்றுவிட்டதாக எண்ணி விட்டுவிடுகிறார். எனக்கு இந்த விதிமேல் இருக்கும் கோபமெல்லாம் இதற்காகத்தான்.

ஆனால் ஆறாவது மாதமே எடை அடியோடு நின்றுவிட்டால், உடலின் சிக்கனத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஹாலின் கணக்குப்படி அப்போதும் எடை மெதுவாக இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். எடை குறையக் குறையப் பசி கூடும், தட்டில் அளவு தெரியாமல் ஏறும். ஒரு வாரம் உண்பதையும் குடிப்பதையும் எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

24 கலோரி விதிக்கும் எல்லை உண்டு. அது எடை கூடிய சராசரி வயது வந்தோருக்கானது. நடமாட்டம் மாறாது என்று கொள்கிறது. உடற்கொழுப்பு அதிகமுள்ளவருக்கு மாற்றம் பெரிதாகவும் இன்னும் மெதுவாகவும் வரும். அப்படிப்பட்டவர்களும், உடற்பயிற்சியையும் சேர்த்து மாற்றுபவர்களும், அதே கழகத்தின் இணையக் கணிப்பானில் வயது, பாலினம், உயரம், எடை, நடமாட்ட அளவு ஆகியவற்றைக் கொடுத்துப் பார்ப்பது மேல். என் தேர்வு: சில வாரக் கணக்குக்கு 7700 போதும், ஓராண்டு தாண்டினால் 24.