வாஷ்பேசின் தேங்குது, குழாய் சத்தம் போடுது: பவுடரா, பம்பா, ட்ராப்பைக் கழற்றுவதா, வென்ட் பைப்பா?

வாஷ்பேசினில் தண்ணீர் தேங்கி மெதுவாக இறங்குவதும், இறங்கும்போது களக் களக் என்று சத்தம் வருவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். அதனால் இரண்டையும் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொண்டு, கடையில் அடைப்பு நீக்கும் பவுடரை வாங்கிக் கொட்டிவிடுகிறோம். மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று நம் ராமநாதபுரம் கடலோர வீடுகளில் நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன். தேங்குவது அடைப்பு. சத்தம் பல நேரம் காற்றுக் குறை. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது.

பேசினுக்குக் கீழே குப்பி மாதிரி தொங்குகிறதே, அதுதான் பாட்டில் ட்ராப். பேசினிலிருந்து ஒரு சின்னக் குழாய் நேராக அந்தக் குப்பிக்குள் இறங்கும். தண்ணீர் அடிக்குப் போய், பக்கவாட்டில் ஏறி, சுவர்ப் பக்கம் போகும் பைப்பில் வழியும். தண்ணீரை நிறுத்திய பிறகும் அந்தச் சின்னக் குழாயின் கீழ் வாய்க்கு மேலே 2 முதல் 3 இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் திரும்பி ஏறுகிற இடம் என்பதால், கனமான பொருள் எல்லாம் அங்கேயே படியும்.

நம் ஊரில் அங்கே என்ன படிகிறது என்று பார்த்தால்தான் எந்த வழி நல்லது என்று சொல்ல முடியும். கை கால் கழுவும்போது வருகிற மணல் முதலாவது. அடுத்து சோப்புக் கசடு. உப்பும் கடினமும் கலந்த போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல், தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சாம்பல் நிறப் பிசுக்காக மாறிவிடும். அந்தப் பிசுக்கில் முடியும் பற்பசையும் ஒட்டிக்கொள்ளும்.

அடைப்பு நீக்கும் பவுடர்களில் பெரும்பாலும் முக்கியச் சரக்கு காஸ்டிக் சோடா. எண்ணெய்ப் பிசுக்கை அது சோப்பாக மாற்றும், முடியையும் அரிக்கும். சமையலறை சிங்க்கில் அதற்குக் கொஞ்சம் வேலை உண்டு. ஆனால் மணலை எதுவும் செய்யாது. சுண்ணாம்போடு சேர்ந்த சோப்புக் கசடு ஏற்கெனவே சோப்புதான், காரம் அதை மேலும் கரைக்காது. பவுடர் கொட்டிய அன்று நன்றாகப் போய், கொஞ்ச நாளில் திரும்பத் தேங்குவதற்குக் காரணம் இதுதான்: நடுவில் இருந்த முடி போயிருக்கும், அடியில் மணல் அப்படியே இருக்கும். தண்ணீர் பட்டதும் காஸ்டிக் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும் என்பதால், அது தேங்கி நிற்கும் இடத்தில் பிவிசி பைப் இளகவும் வாய்ப்புண்டு. அடைப்பு போகவில்லை என்று மேலே ஆசிட்டை ஊற்றினால் தெறித்து முகத்தில் அடிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. சோடா உப்பும் வினிகரும் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டு முடிந்துவிடும், அவ்வளவுதான்.

ரப்பர் பம்பு பவுடரைவிட எவ்வளவோ மேல். கெடுதல் இல்லை. பேசினின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும் ஓவர்ஃப்ளோ ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, ரப்பர் முங்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, பத்துப் பதினைந்து முறை அழுத்தி இழுக்க வேண்டும். ஓட்டையை அடைக்காமல் அழுத்தினால் காற்று அந்த வழியாகவே போய்விடும். சுவருக்குள் போகிற பைப்பில் முடி சிக்கியிருந்தால் பம்பு அசைத்துக் கொடுக்கும். மணலுக்கு இதுவும் போதாது. ஏற்கெனவே பவுடர் கொட்டியிருந்தால் பம்பைத் தொடவே வேண்டாம், காஸ்டிக் தண்ணீர் கண்ணில் தெறிக்கும்.

என் ஓட்டு ட்ராப்பைக் கழற்றுவதற்குத்தான். கால் மணி நேர வேலை. கீழே வாளி வைத்து, குப்பியின் அடிமூடியை இடப்பக்கமாகத் திருப்பினால் கழன்று வரும். பிளாஸ்டிக் ட்ராப் என்றால் கையாலேயே வரும். குரோம் பூசிய பித்தளை ட்ராப் கடல் காற்றில் பச்சை பூத்து இறுகியிருக்கும். ஸ்பேனரால் முரட்டுத்தனமாகத் திருப்பினால் மேலே பேசினோடு சேர்ந்திருக்கும் வேஸ்ட் கப்ளிங்கும் சேர்ந்து சுற்றிவிடும். அதனால் ஒரு கையால் மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருப்பவும். கழற்றியதும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். தட்டையாக நசுங்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ புதிது போடுங்கள், இல்லையென்றால் மாட்டியபின் சொட்டும்.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. குப்பி இல்லாமல், கீழே வாளியோடு பேசினில் தண்ணீர் விடுங்கள். அப்போதும் மெதுவாக இறங்கினால் அடைப்பு மேலே, வேஸ்ட் கப்ளிங்கின் சல்லடையில் இருக்கிறது. சட்டென்று கொட்டினால் மேலே குறையில்லை. அடுத்து, சுவருக்குள் போகும் பைப்பின் வாயில் ஒரு சின்ன ஹோஸைச் சொருகி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். தங்காமல் போனால் குற்றவாளி குப்பி மட்டும்தான். திரும்பி வழிந்தால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது, ஸ்பிரிங் கம்பி விட வேண்டியதுதான். இந்த விவரம் பவுடரிலும் கிடைக்காது, பம்பிலும் கிடைக்காது.

சத்தத்துக்கு வருவோம்

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் களக் களக் என்று விட்டுவிட்டுத்தான் ஊற்றும், எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சத்தமில்லாமல் ஓடும். கூரைக்கு மேலே வாய் திறந்து நிற்கும் வென்ட் பைப்தான் அந்த இரண்டாவது ஓட்டை. பைப் நிறையத் தண்ணீர் இறங்கும்போது அதன் பின்னால் காற்று தேவைப்படும். மேலே திறப்பு இருந்தால் காற்று அங்கிருந்து வரும். இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வரும். நமக்குக் கேட்கும் சத்தம் அதுதான். ட்ராப் காலியானபின் நாற்றமும் வரும்.

எப்போது சத்தம் வருகிறது என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். அதே பேசினின் தண்ணீர் இறங்கி முடியும் நேரத்தில் மட்டும் வந்தால், குப்பியைச் சுத்தம் செய்ததும் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் ஒன்றேகால் இஞ்ச் பைப் ரொம்ப நீளமாகப் போகிறது என்று அர்த்தம். சுமார் 1.7 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பைப் தன் ட்ராப்பைத் தானே உறிஞ்சும். ஒன்றரை இஞ்சாக மாற்றினால் 3 மீட்டர் வரை தாங்கும். வேறு பாத்ரூமில் தண்ணீர் கொட்டும்போது இந்தப் பேசின் சத்தம் போட்டால், அது வென்ட் சமாச்சாரம்.

மண்டபத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டும் கலந்திருந்தது. கீழே கடை, முதல் மாடியில் குடித்தனம், அதற்கு மேலே பின்னால் எடுத்த இரண்டு அறைகள். முதல் மாடிப் பேசின் தேங்கியது. குப்பியைக் கழற்றினால் பாதிக்கு மேல் ஈர மணல், அதைச் சுற்றிச் சாம்பல் பிசுக்கு. கழுவி மாட்டியதும் தண்ணீர் ஓடியது. ஆனால் மறுநாள் மதினி கூப்பிட்டார்கள்: "தண்ணி நல்லாப் போகுது தம்பி, ஆனா மேல யாராச்சும் குளிச்சா அந்தச் சத்தம் அப்படியே இருக்கே."

ஒரு ஈர்க்குச்சியைச் சல்லடை வழியாகக் குப்பியின் அடி வரை விட்டு எடுத்தோம். நாலு இஞ்ச் நனைந்திருந்தது. மேலே இரண்டு வாளித் தண்ணீரை ஒன்றாகக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, காய்ந்த குச்சியை மறுபடி விட்டோம். இரண்டு இஞ்ச்தான் நனைந்தது. ட்ராப்பை யாரோ உறிஞ்சுகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வெளிச்சுவரில் இறங்கும் 3 இஞ்ச் பைப்பைப் பார்த்தால், மேல்மாடி பாத்ரூமுக்குச் சற்று மேலே எண்ட் கேப் போட்டு அடைத்திருந்தது. அறைகளைக் கட்டியபோது பைப்பை மேலே நீட்டாமல் மூடிவிட்டிருக்கிறார்கள்.

இங்கே இரண்டு வழி. ஒன்று, கேப்பை அறுத்து அதே 3 இஞ்ச் பைப்பைக் கூரைக்கு மேலே கொண்டுபோய், அதன் வாயில் கவ்ல் என்ற வலை மூடியை மாட்டுவது. இன்னொன்று, பேசின் பைப்பில் காற்று வால்வு வைப்பது. உள்ளே உறிஞ்சல் வந்தால் ரப்பர் தகடு திறந்து காற்றை விடும், மற்ற நேரம் மூடிக்கொள்ளும். சுவரை உடைக்கவோ கூரைக்குப் போகவோ வேண்டாம் என்பது வால்வின் பலம். மேலே நீட்டவே வழியில்லாத இடத்தில் நானும் அதை வைக்கச் சொல்வேன், கழற்றி மாற்றக் கை எட்டும் இடத்தில், ட்ராப்பைவிட உயரமாக.

ஆனால் வால்வு காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. மேலிருந்து விழும் தண்ணீர் கீழ்ப் பைப்பில் காற்றை நெருக்கினால் கீழ்த்தள ட்ராப்பில் குமிழி மேலே பொங்கும், அதற்கு வால்வு உதவாது. சாக்கடை வாயு வெளியேறவும் வழி வேண்டுமே, அதனால் வால்வு இருந்தாலும் கட்டடத்துக்கு ஒரு திறந்த வென்ட் கட்டாயம். நம் கடற்கரையில் இன்னொரு தொல்லை: உப்பும் தூசியும் ரப்பர் தகட்டில் படிந்தால் அது சரியாக மூடாது, வீட்டுக்குள் நாற்றம் வரும். திறந்த பைப்பில் அசையும் பாகமே கிடையாது. அதனால் மண்டபத்தில் பைப்பையே நீட்டினோம். மாடியில் துணி காயப்போட ஆள் போய்வருவதால் தலைக்கு மேலே, தளத்திலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில், ஜன்னலிலிருந்து தள்ளி முடித்தோம். அந்த உயரத்துக்குக் காற்று பிடுங்கும் என்பதால் கிளாம்ப்பை நெருக்கமாக அடித்தோம், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். சாதா இரும்புக் கிளாம்ப் இங்கே துருப்பிடித்து அறுந்துவிடும். பிறகு அதே இரண்டு வாளி, அதே சோதனை: குச்சி நாலு இஞ்சும் நனைந்து வந்தது.

வென்ட் ஏற்கெனவே இருந்தும் சத்தம் வந்தால் முதலில் கவ்லைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். கொசு வலையில் உப்புத் தூசியும் குளவிக் கூடும் அடைத்திருப்பது சகஜம். கழற்றியதும் சத்தம் நின்றால் வலையைக் கழுவினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வீட்டிலுள்ள எல்லா ட்ராப்பும் சேர்ந்து சத்தம் போட்டு, கீழ்த்தளத் தண்ணீர் மெதுவாகப் போனால், மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் உறிஞ்சு குழி தண்ணீரை வாங்காது, செப்டிக் டேங்க் பைப்பின் வாய் வரை நிரம்பி நிற்கும். டேங்க் மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்துவிட்டு, தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். தலையை உள்ளே நீட்டவோ ஆளை இறக்கவோ கூடாது, உள்ளே விஷவாயு இருக்கும். வீட்டிலிருந்து வரும் பைப்பின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் கூப்பிட வேண்டியது டேங்க் உறிஞ்சும் லாரியை. கழிவை எடுத்தபிறகும் குழி வாங்கவில்லையென்றால், தண்ணீர் மட்டம் இறங்கும் வரை குளியல், துணி துவைப்புத் தண்ணீரையாவது டேங்குக்கு விடாமல் தென்னைக்குத் திருப்பிவிடுங்கள்.