எட்டு மாதம் WMM-ஐ நிறுத்தி வைத்திருந்த கதை

கல்லடியில் எங்கள் வீட்டில் இந்த ரவுட்டர் ஓடத் தொடங்கி மூன்று வருடமாகிறது. அதில் எட்டு மாதம், வைஃபையில் குரலுக்கும் வீடியோவுக்கும் முன்னுரிமை தரும் WMM என்ற அமைப்பு நிறுத்தப்பட்டே கிடந்தது. நிறுத்தியது நான்தான். அது அழைப்புகளுக்கென்று வேகத்தை ஒதுக்கி வைத்துவிடும், நிறுத்தினால் டவுன்லோட் கூடும் என்று எங்கோ கேட்டதை நம்பிவிட்டேன்.

பகலில் வித்தியாசமே தெரியவில்லை. இரவில்தான் தெரிந்தது. ஹாலில் டிவியில் படம் ஓடும் நேரம் டோஹாவிலிருந்து தம்பி எடுப்பான். அம்மா "சாப்பிட்டியா மகன்" என்று கேட்டால் அவனுக்கு "சாப்" மட்டும் போய்ச் சேரும். படமோ ஒருமுறையும் நிற்கவில்லை. கொஞ்சம் மங்கிவிட்டுத் தெளியும், அவ்வளவுதான். படத்தை டிவி முன்கூட்டியே இழுத்துச் சேமித்து வைத்துக்கொள்ளும். அழைப்பில் அந்த வசதி இல்லை, பிந்தி வரும் குரல் வீண்தான். கோயில் திருவிழா நேரலை இரண்டுக்கும் நடுவில், அடிக்கடி சுற்றிக்கொண்டு நிற்கும். நாங்கள் பழியைத் தம்பியின் நெட்வொர்க்கில் போட்டுவிட்டோம்.

ஒருநாள் வேறு காரியமாக லேப்டாப்பில் இதை அடித்தேன்:

```
netsh wlan show interfaces
```

`Radio type` என்ற இடத்தில் பழைய வைஃபை தரமான 802.11g, வேகம் 54 Mbps. புது ரவுட்டரில் எப்படி இந்தப் பழைய கணக்கு? WMM-ஐத் திரும்பப் போட்டதும் அதற்கு அடுத்த தரமான 802.11n, வேகம் 144 Mbps என்று மாறியது.

காரணம் இதுதான். 802.11n-இன் வேகம் WMM இருந்தால்தான் கிடைக்கும். பல தரவுப் பொதிகளை ஒரே கட்டாக அனுப்பும் வேலையும் அதை நம்பித்தான் நடக்கிறது. நிறுத்தினால் ஒவ்வொரு பொதியும் தனித்தனியாகக் காற்றில் முறை கேட்டு நிற்க வேண்டும். டிவி நீண்ட நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ள, குரலின் சின்னப் பொதிகள் வரிசையில் பின்னால் நிற்கும். முன்னுரிமை போனது ஒரு பக்கம். என் வீட்டில் பெரிய அடி வேகம் போனதுதான்.

டிவியை ஓடவிட்டு ரவுட்டருக்குப் பிங் அடித்துப் பார்த்தேன். WMM இல்லாதபோது பதில் வரும் நேரம் அடிக்கடி 150 மில்லிசெக்கனைத் தாண்டியது. போட்டபின் பெரும்பாலும் 10-க்குள்.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். WMM போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள காற்றில் மட்டும்தான் வேலை செய்யும். மகளின் போன் படங்களை மேலே ஏற்றும்போது வெளி இணைப்பு நிரம்பி, குரல் இன்னும் அறுகிறது. அப்புறம், வெளியிலிருந்து வரும் குரல் பொதியில் 'இது குரல்' என்ற குறி வழியில் அழிந்திருந்தால் ரவுட்டர் அதைச் சாதாரணப் பொதியாகத்தான் நடத்தும். படம் ஏற்றுவதை இரவு பன்னிரண்டுக்குப் பிறகு என்று மாற்றி வைத்திருக்கிறேன். மகளுக்கு இன்னும் கோபம்.