லாரியில் இருக்கும் சரக்கு யார் கணக்கில்? ERPNext-இல் குடோன் மாற்றம், சில வருட அனுபவம்

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் இருப்புக் கணக்கு என் பொறுப்பு. தொழிற்சாலை குடோன் இங்கே, விற்பனைக்கான கிளைக் குடோன்கள் சென்னையிலும் பெங்களூருவிலும். ERPNext என்ற நிறுவனக் கணக்கு மென்பொருளைப் பயன்படுத்த ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. இந்த மென்பொருளைப் பற்றிப் பொதுவாக எழுதுபவர்கள் பில்லிங்கையும் ரிப்போர்ட்டையும் பற்றி எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது `Stock Entry` திரையில் இருக்கும் ஒரு சின்ன டிக் பெட்டியைப் பற்றி. அதன் பெயர் `Add to Transit`.

இந்தப் பெட்டியை டிக் செய்யாமல் குடோன் மாற்றம் போட்டால், கோவையில் சப்மிட் பட்டனை அழுத்திய நொடியே பெங்களூரு இருப்பில் சரக்கு ஏறிவிடும். லாரி இன்னும் எங்கள் கேட்டைக்கூடத் தாண்டியிருக்காது. பெங்களூருவில் இருக்கும் விற்பனைப் பையன் திரையில் 40 பம்ப் இருக்கிறது என்று பார்த்து டீலருக்கு வாக்குக் கொடுத்துவிடுவான். டிக் செய்தால், சரக்கு கோவையிலிருந்து கழிந்து, `Goods In Transit` என்ற வழிக் குடோனில் போய் உட்காரும். பெங்களூருவில் இறக்கி எண்ணிய பிறகு அங்கிருப்பவர் அதே என்ட்ரியைத் திறந்து `End Transit` அழுத்த வேண்டும். அப்போதுதான் அவர்கள் இருப்பில் ஏறும். வழிக் குடோனுக்குத் தனி லெட்ஜர் கணக்கு கொடுத்துவிட்டால், லாரியில் எவ்வளவு ரூபாய் சரக்கு இருக்கிறது என்பது இருப்புநிலைக் குறிப்பிலேயே தனி வரியாகத் தெரியும்.

இதன் அருமை தெரிவது மார்ச் கடைசியில்தான். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

மார்ச் 30 மாலை 40 மோனோபிளாக் பம்ப் கோவையிலிருந்து கிளம்புகிறது. கோவைக் குடோனில் அதன் சராசரி விலை 6,200 ரூபாய். வழிக் குடோனில் ஏறும் மதிப்பு 2,48,000. லாரி பெங்களூரு போய்ச் சேர்வது ஏப்ரல் 1. மார்ச் 31 இரவு அந்த 40 பம்ப் கோவையிலும் இல்லை, பெங்களூருவிலும் இல்லை. இரண்டு குடோன்களிலும் ஆள் விட்டு எண்ணினாலும் கிடைக்காது. ஆனால் சரக்கு எங்களுடையதுதான். ஒரே நிறுவனத்தின் இரண்டு குடோன்களுக்கு நடுவே நகர்வதால் உரிமை யாருக்கும் மாறவில்லை, லாபமும் பிறக்கவில்லை. ஆடிட்டர் கேட்டால் வழிக் குடோனின் இருப்பு ரிப்போர்ட், லாரி ரசீதான எல்ஆர், இ-வே பில், ஏப்ரல் 1 தேதியிட்ட `End Transit` என்ட்ரி, இந்த நான்கையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

இதுவரை சுலபம். குழப்பம் ஆரம்பிப்பது வரியில்தான். கோவைக்குத் தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண், பெங்களூருவுக்குக் கர்நாடக எண். நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வெவ்வேறு நபர்கள். காசு வாங்காமல் அனுப்பினாலும் அது சப்ளைதான். ஆகவே மார்ச் 30 அன்றே வரி இன்வாய்ஸ் போட்டு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது 44,640 ரூபாய், கோவை கட்டியாக வேண்டும். பெங்களூரு அதை ஐடிசியாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு கைக்கு வந்த பிறகுதான் எடுக்க முடியும், அதாவது ஏப்ரலில். வாங்குபவருக்கு ஜிஎஸ்டி தளம் காட்டும் மார்ச் மாத 2பி பட்டியலில் அந்த இன்வாய்ஸ் தெரிந்துவிடுவதால் பெங்களூருவில் இருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அதை மார்ச் மாத வரிக் கணக்கான 3பி-யில் காட்டி, அங்கேயே தற்காலிகமாகத் திருப்பி, ஏப்ரலில் மறுபடி எடுப்பதுதான் சரி. ஆக, உரிமை மாறாத சரக்குக்கு வரி முன்னால் போய்விட்டது, இருப்பு நடுவழியில் நிற்கிறது. ERPNext-க்கு இந்தத் தேதிகளைக் கோர்த்துப் பார்க்கத் தெரியாது. `End Transit` தேதியைப் பார்த்து ஐடிசி மாதத்தை முடிவு செய்வது மனிதர்கள் வேலைதான்.

இன்வாய்ஸில் என்ன விலை போடுவது என்பது அடுத்த கேள்வி. பெறும் கிளைக்கு முழு ஐடிசி உரிமை இருந்தால், இன்வாய்ஸில் எழுதிய விலையையே சந்தை விலையாக ஏற்றுக்கொள்ள ஜிஎஸ்டி விதி 28 இடம் கொடுக்கிறது. நாங்கள் அடக்க விலையையே போடுகிறோம். சில நிறுவனங்களில் டீலர் விலையில் போடுவார்கள். உதாரணத்துக்கு 7,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு அது பரவாயில்லை. ஆனால் அந்த விலையையே பெங்களூருவில் கொள்முதலாக ஏற்றினால், ஒரு பம்புக்கு 1,300 வீதம் 52,000 ரூபாய் இருப்பு மதிப்பில் ஊதிவிடும். ஒரு பம்ப்கூட வெளியே விற்காமலே லாபம் காட்டியதாக ஆகும். வரி இன்வாய்ஸின் விலை வேறு, இருப்பின் மதிப்பு வேறு. `Stock Entry` வழியாகப் போனால் மதிப்பு 6,200 ஆகவே நகரும் என்பதால்தான் நான் அந்த வழியை விடுவதில்லை.

ஏப்ரல் 1 அன்று பெங்களூருவில் இறக்கி எண்ணினால் 38தான் நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டு பம்பின் வார்ப்பு உடைந்திருக்கிறது. `End Transit` திரையில் 40 என்று தானாக நிரம்பி வரும், அதை 38 என்று மாற்றிச் சப்மிட் செய்ய வேண்டும். பெங்களூருவில் ஏற்கெனவே 10 பம்ப் 6,500 விலையில் இருந்தது. 65,000-மும் புதிதாக வந்த 2,35,600-மும் சேர்ந்து 3,00,600. அதை 48-ஆல் வகுத்தால் புதுச் சராசரி 6,262 ரூபாய் 50 காசு. இருப்பின் விலை மாறுவது இந்த இடத்தில்தான். லாரி ஓடும்போது மாறாது, இறங்கிப் பழைய சரக்கோடு கலக்கும்போது மாறும்.

மீதி இரண்டு பம்ப், 12,400 ரூபாய், வழிக் குடோனிலேயே கிடக்கும். மூல என்ட்ரி 95 சதவீதம் மட்டுமே போய்ச் சேர்ந்ததாக நிற்கும். சிலர் வழிக் குடோனிலிருந்து நேராக `Material Issue` போட்டு நஷ்டக் கணக்குக்குத் தள்ளிவிடுவார்கள். தொகை சரியாகிவிடும், ஆனால் பழைய என்ட்ரி 95-லேயே தொங்கும். நாங்கள் பெங்களூருவின் கீழே 'உடைசல்' என்று ஒரு குடோன் வைத்திருக்கிறோம். இரண்டையும் `End Transit` வழியாக அங்கே இறக்கி, பிறகு அங்கிருந்து நஷ்டத்துக்கு எழுதுகிறோம். லாரிக்காரரிடம் நஷ்ட ஈடு கேட்கவும் அந்த என்ட்ரியே ஆதாரம். உடைந்த சரக்கு என்றால் கைக்கு வந்தது உண்மை, ஆனாலும் அழிந்த சரக்காக எழுதித் தள்ளினால் அதற்கான ஐடிசி 2,232 ரூபாயைத் திருப்ப வேண்டும். ஸ்கிராப்பாக விற்றால் கதை கொஞ்சம் மாறும், அதை ஆடிட்டரிடம் பேசிக்கொள்வது நல்லது.

அப்புறம், நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது இது. நிறுவனத்தை உருவாக்கும்போது ERPNext ஒரே ஒரு `Goods In Transit` குடோனைத்தான் தானாக உருவாக்கிக் கொடுக்கும். அதையே எல்லாக் கிளைக்கும் பயன்படுத்தாதீர்கள். மதிப்பை இந்த மென்பொருள் குடோன் வாரியாகக் கணக்கிடுகிறது, வழிக் குடோனும் அதற்கு ஒரு குடோன்தான். கோவையிலிருந்து பெங்களூருவுக்கு 40 பம்ப் 6,200 விலையில் போகும் அதே நேரம், சென்னையிலிருந்து கோவைக்கு 20 பம்ப் 6,500 விலையில் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு லாரியும் நேரில் சந்திக்கவே போவதில்லை. ஆனால் கணக்கில் இரண்டும் ஒரே பானையில் விழுந்து 6,300 ஆகிவிடும். பெங்களூரு 6,300-க்கு வாங்கிக்கொள்ளும், கோவையும் 6,300-க்கே வாங்கிக்கொள்ளும். மொத்தத்தில் ஒரு பைசா குறையாது, அதனால் யாருக்கும் தெரியாது. கிளை வாரியாக லாபம் பார்க்கும்போதுதான் சென்னை அனுப்பிய விலையும் கோவை பெற்ற விலையும் ஒட்டாமல் நிற்கும். சராசரி முறைக்குப் பதில் முதலில் வந்தது முதலில் போகும் முறை வைத்தாலும் இதே தொல்லைதான், வேறு வடிவத்தில். சீரியல் எண் வைத்திருக்கும் பொருளுக்கு இந்தப் பிரச்சினை வராது, ஒவ்வொரு எண்ணும் தன் விலையைத் தானே சுமந்து போகும்.

எனவே வழித்தடத்துக்கு ஒரு வழிக் குடோன் வைத்திருக்கிறோம். கோவை–பெங்களூருவுக்கு ஒன்று, சென்னை–கோவைக்கு ஒன்று என்று. ஒவ்வொன்றையும் குடோன் வகையில் `Transit` என்று குறிக்க வேண்டும். இதில் இன்னொரு சவுகரியம், எந்தத் தடத்தில் சரக்கு தேங்குகிறது என்று பார்த்தவுடன் தெரியும். சாதாரண லாரிக்கு இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். எங்களுக்குப் பெங்களூரு இரண்டு நாள். இ-வே பில் காலாவதியாகியும் வழிக் குடோனில் இருப்பு நின்றால் ஒன்று லாரி எங்கோ மாட்டியிருக்கிறது, அல்லது சரக்கு இறங்கியும் யாரும் பட்டனை அழுத்தவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான். திங்கட்கிழமை காலை இந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

பின்தேதியிட்ட என்ட்ரிகளை மென்பொருள் நன்றாகவே சமாளிக்கிறது. கோவையில் ஒரு கொள்முதலுக்கு லாரி வாடகை தாமதமாக ஏறி 6,200 என்பது 6,240 ஆனால், வழிக் குடோன், பெங்களூரு என்று கடைசிவரை திருத்திக்கொண்டே போகும். அந்த வேலை பின்னணியில் `Repost Item Valuation` என்ற பெயரில் நடக்கும். மாதம் முடிக்கும் முன் அந்தப் பட்டியலில் தோல்வியடைந்த வரிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் ஒரு குடோன் புது விலையிலும் அடுத்தது பழைய விலையிலும் நிற்கும்.

மென்பொருள் கைவிரிக்கும் இடம், உரிமை உண்மையிலேயே மாறும் நேரம். எங்கள் குழுமத்தில் தனி நிறுவனமாகப் பதிவான ஒரு சகோதர நிறுவனமும் உண்டு. அவர்களுக்கு அனுப்புவது குடோன் மாற்றம் அல்ல, விற்பனை. சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் எப்போது என்று நினைத்தார்களோ அப்போது உரிமை மாறும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் உரிமையோடு இழப்பின் பொறுப்பும் சேர்ந்தே போகும். தொழிற்சாலை வாசல் விலை என்று பேசியிருந்தால் லாரியில் ஏற்றியதும் அவர்கள் சரக்கு. எஃப்ஓஆர் பெங்களூரு என்றால் அங்கே போய் இறங்கும்வரை எங்கள் சரக்கு. ஆனால் `Delivery Note` போட்டவுடன் ERPNext நம் இருப்பைக் கழித்து, விற்ற பொருளின் அடக்கத்தைச் செலவில் எழுதிவிடும். பேச்சு என்னவென்று அதற்குத் தெரியாது. எஃப்ஓஆர் சரக்கு மார்ச் 31-இல் ஓசூர் தாண்டி நின்றால் எங்கள் கணக்கிலும் இருக்காது, அவர்கள் கணக்கிலும் இருக்காது.

இதற்கு நாங்கள் கண்ட வழி இதுதான். எஃப்ஓஆர் சரக்கை முதலில் `Add to Transit` போட்டு வழிக் குடோனுக்கு நகர்த்துகிறோம். வரி இன்வாய்ஸ் கிளம்பும்போதே போட வேண்டும் என்பதால் `Update Stock` டிக் இல்லாமல் `Sales Invoice` போடுகிறோம். சரக்கு இறங்கியதாகக் கையெழுத்து வந்த பிறகு, வழிக் குடோனிலிருந்தே `Delivery Note` போடுகிறோம். நடுவில் வருடம் முடிந்தால், இறங்காத சரக்கின் விற்பனைத் தொகையை மட்டும் மார்ச் 31 தேதியில் ஜர்னல் போட்டு நிறுத்தி, ஏப்ரல் 1-இல் திருப்புகிறோம். வரியைத் தொடுவதில்லை. தொழிற்சாலை வாசல் விலை என்றால் இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம், கேட்டிலேயே `Delivery Note` போதும். எந்த ஆர்டர் எந்த வகை என்பது ஏற்றுபவருக்குத் தெரிய வேண்டுமே என்று `Sales Order`-இல் ஒரு கட்டாயக் கட்டம் சேர்த்திருக்கிறோம். அதை நிரப்பாமல் சேமிக்க முடியாது.